கலைக்கும்போது துள்ளி விழும் சீட்டு

கேள்வியை மனத்தில் நினைத்துக்கொண்டு டாரட் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டிலிருந்து ஒரு சீட்டு தானாக வழுக்கி, மேசையில் முகம் தெரிய விழுகிறது. யாரும் அதை எடுக்கவில்லை, யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. டாரட் பார்ப்பவர்கள் இதை ‘ஜம்பர்’ என்கிறார்கள். எடுத்த சீட்டைவிட இதற்கு வலு அதிகம், சொல்லியே தீர வேண்டிய செய்தியோடு வந்திருக்கிறது என்று நம்புகிறவர்கள் அவர்களில் ஏராளம். வேலை, பணம் பற்றிய கேள்வியில் இப்படி விழுந்தால் ஒரு புன்னகையோடு போய்விடும். “அவர் திரும்பி வருவாரா?” என்ற கேள்வியில் விழுந்தால் கேட்டவர் அன்றிரவு தூங்க மாட்டார்.

அந்த ஒற்றைச் சீட்டுக்குத் தனி மதிப்புக் கொடுக்கலாமா? டாரட்டை நம்புகிறவர், நம்பாதவர் இருவருக்குமே இது கேட்கத் தகுந்த கேள்வி. விடை தேட, சீட்டு எப்படி விழுகிறது, விழுந்த பிறகு அதற்கு எப்படிப் பொருள் சொல்கிறார்கள் என்ற இரண்டையும் பார்த்தாலே போதும்.

முதலில் கட்டைப் பற்றிச் சிறிது. டாரட் கட்டில் 78 சீட்டுகள். காதலர்கள், மரணம், கோபுரம், சூரியன் என்று தனிப்பெயர் கொண்ட 22 சீட்டுகளை மேஜர் ஆர்கானா என்பார்கள். மீதி 56 சீட்டுகள் கோப்பை, வாள், கோல், காசு என்ற நான்கு வகையில் வகைக்கு 14. கோப்பைகள் உணர்வுக்கும் உறவுக்கும் உரியவை என்பது பரவலான மரபு. 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் இது விளையாட்டுச் சீட்டாகத்தான் பிறந்தது. குறி பார்க்கும் பழக்கம் பிரான்சில் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. இன்று உலகெங்கும் அதிகம் புழங்கும் கட்டு 1909-இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்டது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, பமேலா கோல்மன் ஸ்மித் படங்களை வரைந்தார்.

அந்தக் கட்டுக்கு வெயிட் எழுதிய விளக்க நூலில் சீட்டுப் பார்க்கும் முறை படிப்படியாக இருக்கிறது. கேட்பவரைக் குறிக்கும் ஒரு சீட்டை முதலில் எடுத்து மேசையில் வைக்க வேண்டும். மற்றவற்றை முகம் கீழாக வைத்து நன்றாகக் கலைத்து மூன்று முறை வெட்ட வேண்டும். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பி, அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். எந்தச் சீட்டு எங்கே வர வேண்டும், அந்த இடத்துக்கு என்ன பொருள் என்பதெல்லாம் முன்பே தீர்மானமானது. தவறி விழும் சீட்டுக்கு இந்தப் படிகளில் இடம் கிடையாது. ஜம்பருக்கான விதிகள் அவரவர் பழக்கத்தில் வளர்ந்தவை. அதனால்தான் அவை ஆளுக்கு ஆள் மாறுகின்றன. முகம் மேலாக விழுந்தால் மட்டும் எண்ணுவேன் என்பார் ஒருவர். எப்படி விழுந்தாலும் எண்ணுவேன் என்பார் இன்னொருவர். ஒன்று விழுந்தால் செய்தி, ஐந்தாறு கொட்டினால் கைத்தவறு என்பார் மூன்றாமவர்.

இப்போது கைக்கு வருவோம். டாரட் சீட்டு சாதாரண ரம்மிச் சீட்டைவிடப் பெரியது. பரவலாக விற்கும் அளவு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் அகலம், 12 சென்டிமீட்டர் உயரம். ரம்மிச் சீட்டின் உயரம் 9 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். எண்ணிக்கையிலும் ஒன்றரை மடங்கு. பெரிய சீட்டு, தடித்த கட்டு, சிறிய கை என்று சேரும்போது பிடி தளரத்தான் செய்யும்.

ஒரு கையில் கட்டைப் பிடித்து, மறு கையால் கொத்துக் கொத்தாக உருவி மேலே போடுவதுதான் பெரும்பாலானோர் கலைக்கும் முறை. கொத்து பிரியும் இடத்தில் ஓரமாக இருக்கும் சீட்டு பாதி இந்தக் கையிலும் பாதி அந்தக் கையிலும் மாட்டிக்கொள்ளும். புதுக் கட்டாக இருந்தால் பளபளப்பில் வழுக்கும். பழைய கட்டாக இருந்தால் வளைந்த சீட்டும் மூலை மடிந்த சீட்டும் மற்றவற்றோடு படியாமல் துருத்தி நிற்கும். அப்படிப்பட்டவைதான் முதலில் வெளியே வரும். கட்டை இரண்டாகப் பிரித்து, ஓரங்களை விரலால் சரசரவென விட்டுக் கோக்கும் முறையில் சீட்டு வில்லாக வளைகிறது. வளைந்தது விடுபடும்போது துள்ளவே செய்யும்.

மூன்றாவது முறையும் உண்டு. சீட்டுகளை முழுவதும் மேசையில் கவிழ்த்துப் பரப்பி, இரு உள்ளங்கைகளாலும் வட்டமாகத் துழாவிக் கலைப்பது. இந்த முறையில் துள்ளுவதற்கு வழியே இல்லை. இதைக் கவனிக்க வேண்டும். மேசையில் துழாவிக் கலைப்பவருக்கு ஜம்பர் அநேகமாக வருவதே இல்லை. கையில் வைத்து வேகமாகக் கலைப்பவருக்கு அடிக்கடி வருகிறது. அவசரமாகச் சொல்லியே தீர வேண்டிய செய்தி என்று ஒன்று இருந்தால், அது ஒருவருக்கு வந்து இன்னொருவருக்கு வராமல் போவதைக் கலைக்கும் முறை தீர்மானிக்கக் கூடாது. ஆனால் தீர்மானிக்கிறது.

“சரி, ஏதோ ஒன்று விழும் என்பது கைப்பழக்கம். ஆனால் 78-இல் இந்தச் சீட்டு ஏன் விழுந்தது? போன வாரமும் இதே கோபுரம்தானே விழுந்தது!” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. இதற்கான விடை கணிதத்தில் இருக்கிறது.

இளமையில் மேடை மாயவித்தைக்காரராக இருந்து பிறகு கணிதப் பேராசிரியரானவர் பெர்சி டயகோனிஸ். அவரும் டேவ் பேயரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வு சீட்டாடுபவர்களிடையே புகழ்பெற்றது. 52 சீட்டுகள் உள்ள கட்டைச் சரசரவெனக் கோக்கும் முறையில் ஏழு தடவை கலைத்தால்தான் பழைய வரிசை நடைமுறையில் அழிகிறது என்று அது காட்டியது. 78 சீட்டுக்கு இன்னும் ஓரிரு தடவை கூடுதலாக வேண்டும். கொத்துக் கொத்தாக உருவும் முறையோ இதைவிடப் பல மடங்கு மந்தமானது. அதில் கட்டு முழுமையாகக் கலைய ஆயிரக்கணக்கான தடவைகள் வேண்டும் என்பது கணிதவியலாளர்களின் கணக்கு. காரணம் எளிது. அருகருகே இருக்கும் சீட்டுகள் ஒரே கொத்தில் சேர்ந்தே நகர்கின்றன. இடம் மாறுகிறதே தவிர, அக்கம்பக்கம் மாறுவதில்லை.

யாரும் ஆயிரம் தடவை கலைப்பதில்லை. சில நிமிடங்கள் உருவிப் போடுவார்கள், அவ்வளவுதான். போன முறை மேசையில் விரித்த சீட்டுகளைப் பார்த்து முடித்ததும் ஒன்றாக அள்ளிக் கட்டின் மேலேயோ அடியிலேயோ வைக்கிறார்கள். அடுத்த முறை கலைக்கும்போது அந்தக் கூட்டம் இன்னும் கலையாமல், கை பிரிக்கும் விளிம்புகளுக்கு அருகிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். வருத்தத்தோடு திரும்பத் திரும்பப் பார்த்த சீட்டு அதிகம் தொட்ட சீட்டாகவும் இருக்கும். அது கொஞ்சம் வளைந்தும் இருக்கக்கூடும். கோபுரம் பின்தொடர்ந்து வருவதாகத் தோன்றுவதற்கு இவ்வளவே போதும்.

சொந்தமாகக் கட்டு வைத்திருப்பவர் இதைச் சோதித்துப் பார்க்கலாம். எந்தக் கேள்வியும் நினைக்காமல், தொலைக்காட்சி பார்த்தபடி வழக்கம்போல் கலைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் விழுந்த சீட்டின் பெயரை ஒரு தாளில் குறித்துவர வேண்டும். கேள்வி இல்லாமலும் சீட்டு விழுகிறதா, சில பெயர்கள் மட்டும் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். வந்தால், அந்தச் சீட்டுகளை எடுத்துக் கண்மட்டத்தில் பக்கவாட்டாகப் பிடித்துப் பார்க்கலாம். வளைவு தெரியும்.

ஆனால் விழும் காரணத்தைவிட முக்கியமானது, விழுந்த பிறகு நடப்பது. ஒரு எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம்.

ஒரு பெண் இரண்டு ஆண்டுகளாக ஒருவரைக் காதலிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சண்டை வந்து மூன்று வாரமாகப் பேச்சில்லை. இந்த உறவு எங்கே போகிறது என்பது கேள்வி. இதுவரை நடந்தது, இன்றைய நிலை, அடுத்து வருவது என்று மூன்று இடங்கள். கலைக்கும்போதே எட்டுக் கோப்பைகள் துள்ளி விழுகிறது. அடுக்கி வைத்த எட்டுக் கோப்பைகளுக்கு முதுகைக் காட்டி, சிவப்பு ஆடை அணிந்த ஒருவர் நிலா வெளிச்சத்தில் மலையை நோக்கி நடந்து போகும் படம். அதன் பிறகு முறைப்படி எடுத்த மூன்று சீட்டுகள் இவை. இதுவரை நடந்ததற்கு இரண்டு கோப்பைகள்: இருவர் எதிரெதிரே நின்று கோப்பை நீட்டும் படம். இன்றைய நிலைக்கு நான்கு வாள்கள்: கைகூப்பியபடி கல்லறை மேல் படுத்திருக்கும் வீரனின் சிலை, ஓய்வு, விலகி இருத்தல் என்று பொருள் சொல்வார்கள். அடுத்து வருவதற்கு நிதானம்: ஒரு தேவதை ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு நீரை மெல்ல ஊற்றுகிறது.

டாரட் மரபுப்படியே பார்த்தால் இந்த மூன்று சீட்டுகளும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. நல்ல உறவு, இப்போது இடைவெளி, பொறுமையாகச் சரியாகும். ஆனால் அந்தப் பெண் வீட்டுக்கு எடுத்துப் போவது அந்தக் கதையை அல்ல. முதுகைக் காட்டி நடந்து போனவரைத்தான். “அது தானா வந்து விழுந்துச்சு, அக்கா. நான் எடுக்கவே இல்லை” என்றுதான் தோழியிடம் சொல்வார்.

எட்டுக் கோப்பைகளுக்கு அத்தனை கனம் எங்கிருந்து வந்தது? மற்ற மூன்றுக்கும் ஓர் இடம் இருந்தது. இடம்தான் சீட்டின் பொருளுக்கு எல்லை போடுகிறது. எட்டுக் கோப்பைகள் ‘இதுவரை நடந்தது’ என்ற இடத்தில் வந்திருந்தால், சண்டை போட்ட அன்று அவர் எழுந்து போனதைச் சொல்கிறது என்று முடித்திருப்பார்கள். ‘அடுத்து வருவது’ என்ற இடத்தில் வந்திருந்தால் பிரிவு. ஜம்பருக்கோ இடமே இல்லை. நடந்து போகிறவர் அவரா, இவரா? போய்விட்டாரா, போகப் போகிறாரா, போய்விடு என்று அறிவுரையா? எல்லாப் பொருளும் திறந்தே கிடக்கின்றன. அந்த வெற்றிடத்தை நிரப்புவது, கேட்டவர் உள்ளே ஏற்கெனவே சுமந்து வந்த பயம். ஆசையோடு வந்திருந்தால் அதே சீட்டை, பழைய கோபங்களை எல்லாம் விட்டுவிட்டு அவர் கிளம்பி வருகிறார் என்றும் படித்திருக்கலாம். எதற்கும் பொருந்தும் சீட்டுதான் மிகச் சரியாகப் பொருந்தியதாகத் தோன்றும்.

தலைகீழாக விழுந்தால் சீட்டுக்கு எதிர்ப்பொருள் சொல்லும் வழக்கமும் உண்டு. கட்டிலிருந்து எடுத்துத் திருப்பினால் நேரா தலைகீழா என்பது தெளிவு. துள்ளி விழுந்த சீட்டு குறுக்கே, சாய்வாக, சிலவேளை தரையில் கிடக்கும். அது யார் பக்கம் பார்த்து நேர்? அங்கேயும் முடிவு பார்ப்பவரின் விருப்பத்தில் போய் நிற்கிறது.

எண்ணிக்கையும் இதில் ஒரு வேலை செய்கிறது. கோப்பைச் சீட்டுகள் 14, மேஜர் ஆர்கானா 22. இரண்டும் சேர்ந்து 36. காதல் கேள்வியில் கோப்பைச் சீட்டு விழுந்தால் கேள்விக்கே நேரடி பதில் என்பார்கள். மேஜர் விழுந்தால் பெரிய செய்தி என்பார்கள். வெறும் தற்செயலில் விழும் சீட்டு இந்த 36-இல் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு 46 விழுக்காடு. ஏறக்குறைய இரண்டில் ஒரு ஜம்பர் சிலிர்க்க வைக்கத்தான் போகிறது. மீதிப் பாதி விழுந்ததை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

இன்னொரு கணக்கு. காதல் கேள்வியில் பலர் அஞ்சும் சீட்டுகள் எட்டு என்று வைத்துக்கொள்வோம்: மூன்று வாள்கள், ஒன்பது வாள்கள், பத்து வாள்கள், ஐந்து கோப்பைகள், எட்டுக் கோப்பைகள், கோபுரம், மரணம், சாத்தான். மூன்று சீட்டு எடுத்தால், அவற்றில் ஒன்றாவது இந்த எட்டில் இருக்கும் வாய்ப்பு 28 விழுக்காடு. விழுந்த சீட்டு ஒன்றையும் சேர்த்தால் அது 36. கட்டின் அடிச்சீட்டையும் பார்ப்பவர்கள் உண்டு. அதையும் சேர்த்தால் 43. இன்னொரு ஜம்பரும் விழுந்தால் 49. கேள்வி மாறவில்லை, காதலர் மாறவில்லை. பார்த்த சீட்டு கூடக் கூட பயப்படுவதற்கான வாய்ப்பு மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. நம்பிக்கை தரும் எட்டுச் சீட்டுகளைப் பட்டியலிட்டாலும் இதே எண்கள்தான் வரும். ஒரே அமர்வில் பயத்துக்கும் ஆசைக்கும் சான்று கிடைத்துவிடுகிறது. பார்த்து முடித்தவர் தெளிவதற்குப் பதிலாக, இன்னொரு முறை கலைக்கலாமா என்று கேட்பது இதனால்தான்.

ஜம்பரை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் துணைக்கு அழைப்பது சுவிட்சர்லாந்து உளவியல் அறிஞர் கார்ல் யூங்கை. காரணத் தொடர்பு இல்லாத இரண்டு நிகழ்வுகள் பொருளால் ஒன்றுபடலாம் என்று அவர் 1952-இல் எழுதினார். அந்த நூலில் காதல் சம்பந்தப்பட்ட ஒரு சோதனையும் இருக்கிறது. அதை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு. மணமான இணைகளின் ஜாதகங்களைச் சேர்த்து, ஜோதிட மரபு திருமணத்துக்கு உரியதென்று சொல்லும் கிரகச் சேர்க்கைகள் அவற்றில் அதிகம் உள்ளனவா என்று பார்த்தார். முதல் தொகுப்பில் 180 திருமணங்கள். மரபு சொன்னபடியே சூரியன்-சந்திரன் சேர்க்கை முன்னே வந்தது. அடுத்து 220 திருமணங்கள் சேர்ந்தன. அதில் முன்னே நின்றது வேறொரு சேர்க்கை. பிறகு 83 சேர்ந்தன. அதில் மூன்றாவதாக இன்னொன்று. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் வியப்பு. 483 திருமணங்களையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தபோது அந்த வியப்பு கரைந்து, தற்செயலின் எல்லைக்குள் வந்துவிட்டது. யூங் இதை மறைக்காமல் எழுதினார். கணக்கு ஜோதிடத்தை நிரூபிக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். முதல் வியப்போடு நிறுத்தியிருந்தால் வேறு முடிவுக்கு வந்திருப்பார். ஜம்பர் எப்போதும் அந்த முதல் வியப்புதான். அடுத்த 220-ஐ யாரும் எண்ணுவதில்லை.

இணையத்தில் தமிழிலும் டாரட் காணொளிகள் வருகின்றன. “இந்த வீடியோ உங்கள் கண்ணில் பட்டதே ஒரு அடையாளம்” என்று தொடங்கி, அவர் மனத்தில் இப்போது என்ன என்று சீட்டுப் பார்க்கிறார்கள். கலைக்கும்போது ஒரு சீட்டு விழுகிறது. அதைப் பார்க்கும் ஆயிரக்கணக்கானோரில் ஒருவர் நேற்றுப் பிரிந்தவர், ஒருவர் நாளை நிச்சயதார்த்தம் செய்பவர், ஒருவர் யாரையும் காதலிக்காதவர். அந்த ஒற்றைச் சீட்டு இவர்கள் எல்லோருக்கும் தனித்தனியே துள்ளியிருக்க முடியாது. பிரிவின் வலியில் இருப்பவர் இதை யோசிக்கும் நிலையில் இருப்பதில்லை. அடுத்து வரும் “தனிப்பட்ட முறையில் பார்க்கக் கட்டணம்” என்ற வரி அவரைத்தான் பிடிக்கிறது.

நம்மூரில் சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்பதை நினைத்துப் பார்க்கலாம். சம்பந்தம் பேசலாமா வேண்டாமா என்று தெரியாதபோது வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலமாகக் கட்டிப் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் என்ன, சிவப்பு வந்தால் என்ன என்பதை முன்னமே சொல்லிவிடுவார்கள். எடுக்கும்போது பக்கத்தில் இன்னொரு பூ உதிர்ந்தால் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். தெய்வத்தின் விருப்பம் அதில் வெளிப்படுகிறதா என்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் விதி முதலில், பூ பிறகு என்ற ஒழுங்கு அங்கே இருக்கிறது. முடிவைப் பார்த்த பிறகு விதியை எழுத இடமில்லை. அனுபவமுள்ள டாரட் ரீடர்களிலும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பவர்கள் உண்டு. விழும் சீட்டு எதுவானாலும் கட்டுக்குள் திரும்பிப் போகும் என்று சிலர் வைத்துக்கொள்கிறார்கள். முகம் தெரிய விழும் முதல் சீட்டை மட்டும் முதல் இடத்துச் சீட்டாகக் கொள்வேன் என்று வேறு சிலர். இரண்டுமே நேர்மையான வழிகள். இரண்டாவது வழியில் ஜம்பருக்கு ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. மற்றச் சீட்டுகளில் ஒன்றாக அது அடங்கிவிடுகிறது.

ஆகவே தீர்ப்பு இதுதான். துள்ளி விழுந்த சீட்டுக்கு, எடுத்த சீட்டைவிட ஒரு மாற்று கூடுதல் எடை கொடுக்கக் காரணம் எதுவும் இல்லை. எங்கே விழ வேண்டும் என்று யாரும் விதி சொல்லாத நிலையில் அதன் எடை இன்னும் குறைவே. அதைக் கண்டதும் நெஞ்சு பதறியது என்றால், பதறியவரின் மனநிலையை அது காட்டியிருக்கிறது. காதலரின் மனத்தைப் பற்றி அந்தத் தாளில் எதுவும் எழுதப்படவில்லை. அதை வைத்துத் தொலைபேசி எண்ணைத் தடை செய்வதும், நிச்சயத்தைத் தள்ளிப் போடுவதும், விழுந்த தோஷத்துக்கென்று யாராவது சொல்லும் பரிகாரத்துக்குப் பணம் கட்டுவதும் வேண்டாம்.

அடுத்த முறை டாரட் பார்க்க உட்காருபவர்கள், கலைக்கத் தொடங்கும் முன்பே ரீடரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: “சீட்டு விழுந்தால் எண்ணுவீங்களா? எண்ணினால் எந்த இடத்துக்கு?” தெளிவான பதில் வந்தால் அதன்படி நடக்கட்டும். விழட்டும், பார்க்கலாம் என்று பதில் வந்தால், விழுவதைக் கட்டுக்குள் வைத்து மறுபடியும் கலைக்கச் சொல்லுங்கள்.